வாட்ஸ்அப் செய்தியும் சிசிடிவி காட்சியும் கோர்ட்டில் சாட்சியமாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்க் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தும் எங்களிடம் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் இந்தியச் சட்டப்படி. நல்ல ஆதாரம் கையில் இருந்தும், முதல் பத்து நாளில் செய்ய வேண்டியதைச் செய்யாததால் அதை இழந்தவர்களைப் பார்த்து வருத்தப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அது போதாதா?

தனியாகப் போதாது. செய்தி பிறந்த இடம் உங்கள் போனின் உள்நினைவகம். ஸ்கிரீன்ஷாட் அதன் படம். பிரிண்ட் அந்தப் படத்தின் படம். அசலிலிருந்து இரண்டு படி தள்ளி வந்த காகிதத்தை நீட்டினால், "இது அந்தப் போனிலிருந்து, மாற்றம் எதுவும் இல்லாமல் வந்ததுதான்" என்று யாராவது பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பேற்புக்குத்தான் சட்டம் சான்றிதழ் கேட்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மேலே தெரிவது பெரும்பாலும் நீங்கள் சேமித்து வைத்த பெயர். யாருடைய எண்ணையும் யார் பெயரிலும் சேமிக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தொடுவது இதைத்தான். அதனால் அந்த நபரின் விவரப் பக்கத்தைத் திறந்து, எண் முழுதாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அப்புறம் உரையாடலின் முன்னும் பின்னும் உள்ள செய்திகள் சேர்ந்து தெரியும்படி, தேதி விழுகிற இடத்திலிருந்து தொடர்ச்சியாக எடுங்கள். நமக்குச் சாதகமான ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வந்தால், "மேலே இருந்ததை ஏன் மறைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு நியாயமான பதில் இருக்காது.

வாட்ஸ்அப்பில் `Export chat` கொடுத்தால் உரையாடல் முழுவதும் ஓர் எழுத்துக் கோப்பாக வந்துவிடும். படிக்க வசதியானது, தாக்கல் செய்ய உதவும். ஆனால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு வரியை மாற்றிச் சேமிக்க முடியும். ஆகவே அது போனுக்கு மாற்று இல்லை. வழக்கு முடியும்வரை போன் இருக்கட்டும், உரையாடலும் அழியாமல் இருக்கட்டும். தானாக மறையும் செய்தி வசதி அந்த உரையாடலில் போடப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். போடப்பட்டிருந்தால், மிச்சமிருக்கிற செய்திகளை உடனே எடுத்து வையுங்கள்.

ஒரு வக்கீல் 65பி சான்றிதழ் என்கிறார், இன்னொருவர் 63 என்கிறார். எது சரி?

இரண்டும் ஒரே வேலைக்குத்தான். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில், 2000-இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 65பி என்ற பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023 வந்துவிட்டது. அதில் இதற்கான பிரிவு 63. அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையோ புலனாய்வோ நிலுவையில் இருந்தால் பழைய சட்டமே தொடரும் என்று புதிய சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். படிவம் மாறுகிறது, கையெழுத்துப் போடுகிறவர்களின் எண்ணிக்கையும் மாறுகிறது.

சான்றிதழ் வெறும் சடங்கு இல்லை என்பதைத் தெளிவாக நிலைநாட்டியது 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்வர் வழக்குத் தீர்ப்பு. கேரளத் தேர்தல் வழக்கு அது. பிரசாரத்தில் ஒலித்த பாட்டுகளையும் பேச்சுகளையும் போனிலும் வேறு கருவிகளிலும் பதிவு செய்து, கணினிக்கு மாற்றி, குறுந்தகடாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். சான்றிதழ் இல்லை. அந்தத் தகடுகள் சாட்சியமாக ஏறவே இல்லை. பிரசாரத்தில் பயன்படுத்திய அசல் தகடுகளையே போலீஸ் மூலமோ தேர்தல் ஆணையம் மூலமோ கைப்பற்ற வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அசல் கருவி, நகல் என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் புரியும்.

அந்தச் சான்றிதழில் என்னதான் எழுதணும்? யார் கையெழுத்து?

புதிய சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிட்ட மாதிரிப் படிவம் இருக்கிறது. இரண்டு பாகம். 'அ' பாகத்தைக் கருவியை வைத்திருப்பவர் அல்லது இயக்குபவர் நிரப்ப வேண்டும். 'ஆ' பாகத்தை ஒரு நிபுணர் நிரப்ப வேண்டும். பழைய சட்டத்தில் நிபுணர் கையெழுத்து என்ற தேவை கிடையாது. புதிதாக வந்த சுமை இது.

'அ' பாகத்தில் பதிவு எந்த வகைக் கருவியிலிருந்து வந்தது, போனா, கேமரா காட்சியைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியா, பென் டிரைவா, கிளவுடா என்று குறிக்க வேண்டும். அதன் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், போன் என்றால் ஐஎம்இஐ எண் எழுத வேண்டும். போனில் `*#06#` அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதுங்கள். கருவி அந்தக் காலத்தில் ஒழுங்காக வேலை செய்தது, இடையில் பழுதாகியிருந்தாலும் அது இந்தப் பதிவின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்ற உறுதிமொழியும் இருக்கும். கடைசியாக, பதிவின் ஹேஷ் மதிப்பும், அதை எந்த முறையில் எடுத்தீர்கள் என்பதும். தேதி, இடத்தோடு நேரத்தையும் 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும். ஹேஷ் அறிக்கையைச் சான்றிதழோடு இணைக்க வேண்டும்.

எங்கே தவறு நடக்கிறது என்றால், பெரும்பாலும் 'அ' பாகத்தில் தவறான ஆள் கையெழுத்துப் போடுவதில். கடையின் டிவிஆருக்கு, அதைப் பார்க்கக்கூடப் பார்க்காத புகார்தாரர் கையெழுத்துப் போடுகிறார். "இந்தக் கருவி என் பொறுப்பில் இருந்தது" என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? கூண்டில் ஏறிய இரண்டாம் நிமிடம் அது உடைந்துவிடும்.

'ஆ' பாகத்துக்கு யாரை நிபுணர் என்பது என்று 63-ஆம் பிரிவு விளக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவில் அறிவிக்கப்பட்ட மின்னணுச் சாட்சியப் பரிசோதகர் ஒருவர் கிடைத்தால் சிக்கலே இல்லை. போலீஸ் வழக்கில் தடய அறிவியல் ஆய்வகம் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தனியார் நிபுணரை அமர்த்துவதானால் என் ஆலோசனை ஒன்றுதான்: கருவியைத் தன் கையில் வாங்கி, தானே ஹேஷ் எடுத்து, அதை எப்படிச் செய்தேன் என்று கோர்ட்டில் வந்து விளக்கத் தயாராக இருப்பவரைப் பிடியுங்கள். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

ஹேஷ் மதிப்புன்னா என்ன? நானே எடுக்கலாமா?

ஒரு கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், SHA256 முறையில் கணக்கிட்டால் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு சரம் வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தச் சரம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். விண்டோஸ் கணினியில் தனி மென்பொருள்கூட வேண்டாம். கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
certutil -hashfile D:\camera2.mp4 SHA256
```

தாராளமாக நீங்களே எடுக்கலாம். கோப்பு கைக்கு வந்த உடனே எடுங்கள் என்றுதான் சொல்வேன். படிவத்தில் SHA1, MD5 ஆகியவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஆனால் அவை இரண்டிலும், வேறு வேறு கோப்புகளுக்கு ஒரே சரம் வரும்படி செய்து காட்டிவிட்டார்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது SHA256 போடுங்கள்.

ஹேஷ் எதை நிரூபிக்காது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஹேஷ் எடுத்த நேரத்திலிருந்து இன்றுவரை கோப்பு மாறவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். எடுப்பதற்கு முன்னால் யாராவது வெட்டி ஒட்டியிருந்தால் அந்த ஒட்டுக்கும் சேர்த்து அழகாக ஒரு ஹேஷ் வரும். அதனால்தான் சம்பவத்துக்கும் ஹேஷ் எடுத்ததற்கும் இடையே எத்தனை நாள், அந்த நாட்களில் கருவி யாரிடம் இருந்தது என்று கேட்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வக்கீலுக்கு அனுப்பினால், செயலி அதைச் சுருக்கி அனுப்பும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது வேறு கோப்பு, ஹேஷும் வேறு. நீங்கள் அனுப்பியதை அவர் தாக்கல் செய்ய, அசலின் ஹேஷ் சான்றிதழில் இருக்க, இரண்டும் பொருந்தாமல் நிற்கும். எங்கள் அலுவலகத்துக்கே இப்படி ஒரு பதிவு வந்து, கடைசி நேரத்தில் கண்டுபிடித்துப் பதறியிருக்கிறோம். பென் டிரைவில் நேரில் கொண்டுவந்து கொடுப்பதுதான் நல்லது.

ராத்திரி என் கார் கண்ணாடியை உடைச்சிட்டாங்க. எதிர்க் கடை கேமராவில் பதிவாகியிருக்கு, உடைச்சவரே மிரட்டி மெசேஜும் போட்டிருக்கார். நான் இப்ப என்ன செய்யணும்?

முதலில் கடைக்காரரிடம் ஓடுங்கள். போன் செய்தி உங்களிடமே இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். டிவிஆர் காத்திருக்காது. நினைவகம் நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டெராபைட் வட்டு பதினோரு நாளைக்கு மேல் தாங்காது. புகார் கொடுத்து, ரசீது வாங்கி, எஃப்ஐஆர் போட வைக்க அலைவதற்குள் அந்தப் பதினோரு நாள் ஓடிவிடும். வட்டில் இடம் இருந்தாலும்கூட அமைப்பில் தினமும் அழி என்று வைத்திருந்தால் அழிந்துவிடும். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், வட்டில் போதிய இடம் இருந்தும் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

எனவே அன்றைக்கே கடைக்காரருக்குக் கையால் எழுதிய ஒரு கடிதம் கொடுங்கள். எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, அழியாமல் வைக்கும்படி கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே விவரத்தைப் புகாரிலும் எழுதி, டிவிஆரைக் கைப்பற்றும்படி காவல் நிலையத்தைக் கேளுங்கள். போலீஸ் கைப்பற்றினால் மகஜர் எழுதுவார்கள். இப்போது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவும் எடுக்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். இதை யாரும் கவனிப்பதில்லை, இதில்தான் நல்ல வழக்குகள் ஆட்டம் காண்கின்றன. உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். காட்சியின் மூலையில் 02:45 என்று இருக்கிறது. மிரட்டல் செய்தி உங்கள் போனுக்கு வந்தது 02:31-க்கு. "கண்ணாடி போச்சா? அடுத்தது நீதான்" என்று அதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியே கோர்ட்டுக்குப் போனால், கண்ணாடி உடைவதற்குப் பதினான்கு நிமிடம் முன்பே உடைந்துவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று எதிர்த்தரப்பு சொல்லும், கேட்கவும் நன்றாக இருக்கும்.

இணையத்தோடு இணைக்காத டிவிஆர்களின் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டே போகும், மின்வெட்டுக்குப் பிறகு இன்னும் மோசம். பதிவு எடுக்கப் போகும்போதே, நெட்வொர்க் நேரம் காட்டும் போனையும் டிவிஆர் திரையையும் ஒரே படத்துக்குள் வரும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். போனில் 10:12, திரையில் 10:29 என்று தெரிந்தால் டிவிஆர் 17 நிமிடம் முந்தி ஓடுகிறது. அப்படியென்றால் 02:45 என்பது உண்மையில் 02:28. செய்தி வந்தது மூன்று நிமிடம் கழித்து. முரண்பாடாகத் தெரிந்தது இப்போது ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மகஜரிலும் கடைக்காரர் வாக்குமூலத்திலும் எழுத வையுங்கள். டிவிஆர் நேரத்தைச் சரி செய்துவிட்டு எடுக்கலாமே என்று தோன்றும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

காட்சியை எடுக்கும் விதம் அடுத்தது. மானிட்டரில் ஓடவிட்டு அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு வருவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்தக் கோப்பு உங்கள் போனில் பிறந்தது, டிவிஆரில் இல்லை. திரையைப் பார்த்து எடுத்த படம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு இல்லை. டிவிஆரின் ஏற்றுமதி வசதி வழியாக, புதிய பென் டிரைவில், சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சில டிவிஆர்கள் தமக்கே உரிய வடிவத்தில், உதாரணமாக `.dav` என்ற பின்னொட்டோடு, கோப்பைத் தரும். சாதாரண பிளேயரில் ஓடாது. பரவாயில்லை, அதையே அசலாக வைத்துக்கொண்டு, ஓட்டும் மென்பொருளையும் கூட வாங்கிக்கொள்ளுங்கள். எம்பி4 ஆக மாற்றிய நகல் பார்ப்பதற்கு மட்டும். ஹேஷ் எடுக்க வேண்டியது மாற்றாத கோப்புக்கு.

பிறகு 'அ' பாகத்தைக் கடைக்காரர் தன் பெயரில், டிவிஆரின் வரிசை எண்ணோடு நிரப்ப வேண்டும். உங்கள் போன் செய்திக்குத் தனிச் சான்றிதழ், அதில் 'அ' பாகம் உங்களுடையது. இரண்டு கருவி என்றால் இரண்டு சான்றிதழ். ஒன்றில் இரண்டையும் அடக்கப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் செய்தால் காட்சி கோர்ட்டுக்குள் வந்துவிடும். அதில் இருப்பவர் யார் என்பது வேறு கேள்வி. முகம் தெளிவாக இல்லை என்றால், அவரை நாளும் பார்க்கிற ஒருவர் காட்சியைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும், அல்லது ஆய்வகம் ஒப்பிட வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: இருட்டில் கேமரா அகச்சிவப்பு ஒளியில்தான் பார்க்கிறது. அந்த ஒளியில் கறுப்புச் சாயம் போட்ட துணி பல நேரம் வெளிறித் தெரியும். "கறுப்புச் சட்டை போட்டிருந்தார்" என்று சாட்சி சொல்ல, காட்சியில் வெள்ளைச் சட்டை நடந்து போகும். இது இப்படித்தான் வரும் என்று நிபுணர் வாயால் சொல்ல வைக்காவிட்டால் அந்தச் சாட்சி பொய்யராகிவிடுவார்.

கேமரா வச்சிருக்கவர் சான்றிதழ் தர முடியாதுன்னு சொல்றார். அவ்வளவுதானா?

இல்லை. கேட்டதை எழுத்தில் கேட்டு, மறுத்ததையும் எழுத்தில் பதிவு செய்து வைத்திருந்தால் வழி இருக்கிறது. இதற்கு 2020 ஜூலை 14-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் கேமரா பற்றிய வழக்குதான்.

மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி, 2014 சட்டமன்றத் தேர்தல். வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நேரம் செப்டம்பர் 27 மாலை 3 மணி. வென்றவர் மூன்று மணிக்குப் பிறகுதான் மனு கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தேர்தல் அதிகாரி அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் இருந்த கேமராக்களின் பதிவு அதைக் காட்டும் என்றார்கள். உயர் நீதிமன்ற உத்தரவில் பதிவுகள் வந்தன, சான்றிதழ் வரவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தரவில்லை. அதிகாரி கூண்டில் சொன்ன வாய்மொழியே போதும் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம், வாய்மொழி அதற்கு ஈடாகாது என்றது. 2018-இல் சான்றிதழ் விஷயத்தில் தளர்வு காட்டிய ஒரு தீர்ப்பையும் செல்லாது என்றது. ஆனால் இந்த மனுதாரர்கள் தங்கள் கையில் இருந்த எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள். முடியாத ஒன்றைச் செய் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்று சொல்லி அவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஆக விதி இறுக்கமானது, விலக்கு முயன்றவர்களுக்கு மட்டும்.

உங்கள் நிலையில் செய்ய வேண்டியது, முதலில் எழுத்துப்பூர்வக் கோரிக்கை. மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ கோர்ட்டில் மனுப் போட்டு, சான்றிதழைக் கொண்டுவர உத்தரவு கேளுங்கள். குற்ற வழக்கில் சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு, சிவில் வழக்கில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் உத்தரவு இதற்கு உதவும். காவல் நிலையக் கேமரா என்றால், பதிவைக் குறைந்தது ஓராண்டு, இயன்றால் 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சான்றிதழே வேண்டாம், என் போனையே கோர்ட்டில் கொடுத்துடறேனே?

செய்யலாம். போனின் சொந்தக்காரரே கூண்டேறி, இது என்னுடையது, நான் பயன்படுத்துவது, செய்தி முதலில் பதிவானது இதில்தான் என்று சொல்லிப் போனையே காட்டினால் அது அசல், சான்றிதழ் தேவையில்லை என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. புதிய சட்டத்தின் 57-ஆம் பிரிவும், முறையான பொறுப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவு, எதிர்த்தரப்பு மறுக்காதவரை, அசலாகவே கொள்ளப்படும் என்கிறது.

ஆனால் உங்கள் வங்கிச் செயலியும் குடும்பப் படங்களும் உள்ள போன் ஆண்டுக்கணக்கில் கோர்ட் பெட்டகத்தில் கிடக்கும். பேட்டரி உப்பி, சார்ஜ் ஏறாமல் போனால் சாட்சியமும் போச்சு. அதனால் நான் இரண்டையும் செய்யச் சொல்வேன். சான்றிதழோடு நகலைத் தாக்கல் செய்யுங்கள், போனைப் பத்திரமாக உங்களிடமே வைத்துக்கொண்டு, கோர்ட் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள்.

"அது நான் அனுப்பலை"ன்னு எதிராளி சொன்னா?

சான்றிதழ் அதற்குப் பதில் சொல்லாது. உங்கள் போனில் அப்படி ஒரு செய்தி வந்தது என்பதோடு அதன் வேலை முடிந்தது. வாட்ஸ்அப் செய்தியின் பொருளும் உள்ளடக்கமும் விசாரணையில், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு நிரூபிக்கப்பட வேண்டியவை என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வணிக வழக்கில் சொன்னது.

எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் விண்ணப்பத்திலிருந்து கோர்ட் மூலம் வரவழைக்கலாம். அதற்கும் அந்த நிறுவன அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலில் வாட்ஸ்அப் செய்தி இருக்காது, வாட்ஸ்அப் நிறுவனத்திடமும் செய்தியின் உள்ளடக்கம் கிடைக்காது. முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதால் அது இரண்டு போன்களில் மட்டும்தான் படிக்கும் நிலையில் இருக்கிறது.

நடைமுறையில் ஆளை மாட்டிவிடுவது செய்தியின் உள்ளே இருக்கும் விஷயங்கள்தான். அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம், அதே எண்ணிலிருந்து முந்தைய மாதம் அவர் அனுப்பிய தன் மகளின் கல்யாணப் பத்திரிகை, அவர் குரலில் ஒரு ஒலிச் செய்தி. உரையாடலை முழுதாக வைத்திருங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சான்றிதழை மறந்துட்டோம், விசாரணை ஆரம்பிச்சாச்சு. இனி ஏதாவது செய்யலாமா?

விசாரணை முடியாதவரை மனுப் போட்டுத் தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம். 2008 பெங்களூரு தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் பல ஆண்டு கழித்து வந்த சான்றிதழையும் 2023-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. புதிய சட்டம், பதிவைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் கூடவே வர வேண்டும் என்கிறது, எனவே இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

மறுபக்கம் நீங்கள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சான்றிதழ் இல்லாத காட்சியை எதிர்த்தரப்பு சாட்சிய ஆவணமாக மார்க் செய்யும்போதே உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொல்ல வேண்டும். அப்போது பேசாமல் இருந்துவிட்டு மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கிளப்பினால் ஏற்க முடியாது என்று 2017-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

தெரியாமல் ரெக்கார்ட் பண்ணினது செல்லுமா?

எடுத்த விதம் முறையற்றது என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ளுவதில்லை என்பது 1973 முதல் உச்ச நீதிமன்றத்தின் போக்கு. கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்ததையும் குடும்ப வழக்கில் பார்க்கலாம் என்று 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆனால் ரகசியப் பதிவு என்றால் சந்தேகம் கூடும், அசல் கருவியும் ஹேஷும் இங்கே இன்னும் முக்கியம். அடுத்தவர் போனுக்குள் புகுந்து எடுப்பது தனிக் குற்றமாகலாம், சாட்சியம் ஏறினாலும் அந்தக் குற்றத்திலிருந்து நீங்கள் தப்ப மாட்டீர்கள்.

போனை மாத்திட்டேன். பழைய போனை வித்துட்டேன். பேக்கப்பில் எல்லாம் இருக்கு.

நடந்ததை நடந்தபடியே சான்றிதழில் எழுதுங்கள். பழைய போனின் மாடல், அதை விற்ற தேதி, எந்த நாள் எடுத்த பேக்கப்பிலிருந்து புதிய போனில் மீட்டீர்கள் என்று எல்லாம். பழைய போனின் ஐஎம்இஐ எண் வாங்கிய பில்லிலோ அட்டைப் பெட்டியின் மேலோ இருக்கும். இதை மறைத்து, புதிய போனிலேயே செய்தி முதலில் வந்தது போல எழுதிவிட்டால், செய்தியின் தேதி போன் வாங்கிய தேதிக்கு முந்தியிருப்பதை ஒரு பில்லைக் காட்டி உடைத்துவிடுவார்கள். அதே செய்தி எதிராளியின் போனிலும் இருக்கும். அதைக் கோர்ட்டில் கொண்டுவரச் சொல்லி மனுப் போடுங்கள். கோர்ட் உத்தரவிட்ட பிறகும் தராமல் இருந்தால், கொண்டுவந்தால் தனக்குப் பாதகம் என்பதால்தான் தரவில்லை என்று நீதிபதி ஊகிக்கச் சட்டம் இடம் தருகிறது.